எம்ஏசிடி: ஹிஸ்டோகிராம் சுருங்கினால் விலை இறங்குமா?

*"அண்ணா, பெருந்துறை பக்கம்ங்க. 30 குவிண்டால் விரலி மஞ்சள் இருப்பு வெச்சிருக்கேன். மஞ்சள் ஃபியூச்சர் சார்ட்டுல எம்ஏசிடி போட்டுப் பாத்துட்டிருந்தேன். ஹிஸ்டோகிராம் உச்சிக்குப் போயிட்டு சுருங்க ஆரம்பிச்சுதுங்க, சரி இனி விலை இறங்கும்னு பாதியை வித்துட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு வாரமா விலை ஏறிட்டேதான் இருக்கு, ஹிஸ்டோகிராம் சுருங்கிட்டேதான் இருக்கு. சார்ட் தப்பா, நான் பாத்தது தப்பாங்க? சிக்னல் லைனையும் அந்தக் கட்டைகளையும் எப்படித்தான் பாக்கறது?"*

சார்ட் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. எம்ஏசிடி என்பது விலையின் வேகத்தைக் காட்டும் கருவி, அதில் கட்டை கட்டையாக வருவதுதான் ஹிஸ்டோகிராம். விலை ஏறும்போதே ஹிஸ்டோகிராம் வாரக்கணக்கில் சுருங்கலாம். அதில் முரண்பாடு இல்லை, ஏனென்றால் அந்தக் கட்டைகள் விலையை அளப்பதே இல்லை. விலை ஏறும் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதை மட்டும்தான் அளக்கின்றன. பெருந்துறையிலிருந்து கோவைக்குப் போகும் பஸ் பைபாஸ் ஏறியதும் வேகம் பிடிக்கும், அறுபதைத் தொட்ட பிறகு அதே அறுபதில் போகும். வேகம் கூடுவது நின்றுவிட்டது என்பதால் பஸ் திரும்பி பெருந்துறைக்கு வருகிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். ஹிஸ்டோகிராம் சுருங்கியதும் விற்றது ஏறக்குறைய அப்படி எடுத்த முடிவுதான். இதை வாய்ப்பேச்சாக இல்லாமல் கணக்காகவே பார்த்துவிடலாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

எம்ஏசிடியின் அடியில் இருப்பது இரண்டு எக்ஸ்பொனென்ஷியல் சராசரிகள், சுருக்கமாக இஎம்ஏ. சாதாரண சராசரி கடைசி 12 நாள் விலையைக் கூட்டி 12 ஆல் வகுக்கும். இஎம்ஏ அப்படிச் செய்யாது. நேற்றைய தன் மதிப்பை எடுத்துக்கொண்டு, இன்றைய விலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியில் ஒரு பங்கு மட்டும் நகரும். அந்தப் பங்கு, 2 ஐ நாள் எண்ணிக்கையுடன் ஒன்று கூட்டியதால் வகுத்தது. 12 நாளுக்கு 2/13, அதாவது சுமார் 15.4 சதவீதம். 26 நாளுக்கு 2/27, சுமார் 7.4 சதவீதம். முதலாவது சுறுசுறுப்பு, இரண்டாவது சோம்பேறி.

12 நாள் இஎம்ஏவிலிருந்து 26 நாள் இஎம்ஏவைக் கழித்தால் வருவது எம்ஏசிடி கோடு. அந்தக் கோட்டுக்கே 9 நாள் இஎம்ஏ எடுத்தால் சிக்னல் லைன், இது தினமும் இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு நகரும். எம்ஏசிடியிலிருந்து சிக்னலைக் கழித்தால் ஹிஸ்டோகிராம். கோடுகளை 1970களின் பிற்பகுதியில் உருவாக்கியவர் ஜெரால்ட் அப்பெல். கட்டைகளை 1986 இல் தாமஸ் ஆஸ்ப்ரே சேர்த்தார். கோடுகள் வெட்டிக்கொள்ளும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்பதுதான் சேர்த்ததன் நோக்கம். முன்கூட்டி வரும் எச்சரிக்கையில் பல, வெறும் எச்சரிக்கையாகவே முடிந்துபோகும். அது அதன் பிறவிக்குணம்.

இனி ஒரு உதாரணம். விலைகள் என் கற்பனை, கணக்கு உண்மை. குவிண்டால் மஞ்சள் பல மாதமாக 14,000 ரூபாயில் அசையாமல் நின்றது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இஎம்ஏவும் 14,000 இல்தான் இருக்கும், எம்ஏசிடி பூஜ்ஜியம். அடுத்த நாளிலிருந்து தினம் 100 ரூபாய் ஏறுகிறது, ஒரு நாளும் தவறாமல், கூடாமல் குறையாமல்.

முதல் நாள் விலை 14,100. 12 நாள் இஎம்ஏ 100 இல் 2/13 பங்கு நகர்ந்து 14,015.38 ஆகும். 26 நாள் இஎம்ஏ 14,007.41 ஆகும். வித்தியாசம் சுமார் 7.98, இதுதான் எம்ஏசிடி. சிக்னல் அதில் ஐந்தில் ஒரு பங்கு நகர்ந்து 1.60. ஹிஸ்டோகிராம் 6.38. இதையே தினமும் செய்துகொண்டு போனால் கீழே உள்ளது கிடைக்கும். பைசாவை விட்டு முழு ரூபாயாக்கியதால் கழித்துப் பார்க்கும்போது ஒரு ரூபாய் முன்பின் இருக்கும். 30 ஆம் நாளுக்குப் பிறகு ஏற்றத்தை 50 ரூபாயாகக் குறைத்திருக்கிறேன், அதற்கு அப்புறம் வருகிறேன்.

| நாள் | விலை | எம்ஏசிடி | சிக்னல் | ஹிஸ்டோகிராம் |
|---|---|---|---|---|
| 1 | 14,100 | 8 | 2 | 6 |
| 5 | 14,500 | 88 | 36 | 52 |
| 10 | 15,000 | 224 | 134 | 91 |
| 14 | 15,400 | 327 | 230 | 97 |
| 20 | 16,000 | 451 | 367 | 84 |
| 30 | 17,000 | 579 | 530 | 50 |
| 32 | 17,100 | 585 | 549 | 36 |
| 36 | 17,300 | 566 | 564 | 2 |
| 37 | 17,350 | 558 | 563 | −5 |

14 ஆம் நாளைப் பாருங்கள். கட்டை உச்சிக்குப் போவது அன்றுதான். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சுருங்குகிறது, 30 ஆம் நாள் பாதியாகிவிட்டது. விலையோ அந்த 16 நாளில் 1,600 ரூபாய் ஏறியிருக்கிறது. சந்தையில் எந்தத் தளர்ச்சியும் இல்லை, ஏற்றம் தினம் அதே 100 தான். உங்களுக்கு நடந்தது இதுவேதான். 15 ஆம் நாள் கட்டை குட்டையானதைப் பார்த்து 15,500 க்கு விற்றவர், 30 ஆம் நாள் 17,000 ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஏன் இப்படி? ஒரே சீராக ஏறும் விலைக்குப் பின்னால் இஎம்ஏ எவ்வளவு தூரம் பின்தங்கும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது: நாள் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் எத்தனை நாள் பின்தங்கல் என்று வரும். 12 நாள் இஎம்ஏ 5.5 நாள் பின்தங்கும், 26 நாள் இஎம்ஏ 12.5 நாள் பின்தங்கும். இரண்டுக்கும் நடுவே 7 நாள். தினம் 100 ரூபாய் ஏறினால் 7 நாள் இடைவெளி என்பது 700 ரூபாய். ஆகவே இந்த ஏற்றம் எத்தனை மாதம் நீடித்தாலும் எம்ஏசிடி 700 ஐ நெருங்கி அங்கேயே நிற்கும். துரத்தி வரும் சிக்னலும் ஒரு நாள் 700 ஐ நெருங்கும். அப்போது ஹிஸ்டோகிராம் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும், விலை மட்டும் தினம் 100 ஏறிக்கொண்டே இருக்கும்.

இதிலிருந்து கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு வாய்ப்பாடு கிடைக்கிறது. 12, 26 அமைப்பில் எம்ஏசிடி எண்ணை 7 ஆல் வகுத்தால், சமீப நாட்களில் விலை சராசரியாக ஒரு நாளைக்கு எத்தனை ரூபாய் வேகத்தில் போகிறது என்பது ஏறக்குறையத் தெரியும். 20 ஆம் நாள் 451 ஐ வகுத்தால் 64. 30 ஆம் நாள் 579 ஐ வகுத்தால் 83. உண்மை வேகம் 100, எம்ஏசிடி அதை இன்னும் எட்டிப்பிடிக்கவில்லை. சார்ட்டில் 'எம்ஏசிடி 450' என்று பார்ப்பதைவிட 'நாளுக்கு அறுபது, எழுபது ரூபாய் வேகம்' என்று மனதில் படிப்பது எவ்வளவோ மேல். ஆக, எம்ஏசிடி வேகமானி. சிக்னல் லைன் அந்த வேகமானியின் நான்கு நாள் பழைய அளவு போல, ஏனென்றால் 9 நாள் இஎம்ஏ அதே கணக்குப்படி 4 நாள் பின்தங்கும். ஹிஸ்டோகிராம், இப்போதைய வேகத்துக்கும் நான்கு நாள் முந்தைய வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்.

இந்த மூன்றையும் இப்படிப் பார்த்தால் சிக்னல் லைன் வெட்டு என்ன சொல்கிறது என்பதும் தெளிவாகும். அட்டவணையில் 31 ஆம் நாளிலிருந்து ஏற்றம் 100 இலிருந்து 50 ஆகக் குறைகிறது. விலை இன்னும் ஏறத்தான் செய்கிறது. எம்ஏசிடி 32 ஆம் நாள் 585 இல் உச்சம் தொட்டுத் திரும்புகிறது, 37 ஆம் நாள் சிக்னலைக் கீழ்நோக்கி வெட்டுகிறது. எல்லாப் புத்தகமும் இதை 'விற்பனை சிக்னல்' என்றுதான் எழுதும். ஆனால் அன்றைய விலை 17,350, அதுவரை ஒரு நாள்கூட விலை இறங்கியதில்லை. வேகம் குறைந்தது, வெட்டு வந்தது, அவ்வளவுதான் செய்தி. விலை புதுப்புது உச்சம் போகும்போது எம்ஏசிடி இறங்குவதைத்தான் 'டைவர்ஜென்ஸ்' என்று பெரிய பெயர் சொல்லி விளக்குகிறார்கள். 33 ஆம் நாளிலிருந்து இந்த உதாரணத்திலும் டைவர்ஜென்ஸ்தான். அதுவும் இதே வேகக்குறைவின் இன்னொரு பெயர்தான், தனியாக ஒரு ஜோசியம் அல்ல.

அப்படியானால் வேகக்குறைவையும் உண்மையான திருப்பத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? உதாரணத்தை இன்னும் கொஞ்சம் இழுப்போம். 40 ஆம் நாள் விலை 17,500. அன்று எம்ஏசிடி 531, ஹிஸ்டோகிராம் −20. இங்கிருந்து இரண்டு வழி.

முதல் வழி, விலை தினம் 50 ரூபாய் ஏறிக்கொண்டே போவது. எம்ஏசிடி தினம் 8, 9 ரூபாய் வீதம் மெதுவாக இறங்கும், போகப்போக அந்த இறக்கமும் தணிந்து 350 ஐ நோக்கிப் போகும், ஏனென்றால் 50 ஐ ஏழால் பெருக்கினால் 350. ஹிஸ்டோகிராம் 47 ஆம் நாள் −31 வரை போய், மறுபடி பூஜ்ஜியம் பக்கம் திரும்பத் தொடங்கும்.

இரண்டாவது வழி, 41 ஆம் நாளிலிருந்து விலை தினம் 100 ரூபாய் விழுவது. எம்ஏசிடி முதல் நாள் 21 ரூபாய், இரண்டாம் நாள் 30 ரூபாய் என்று படியிறங்கும். ஹிஸ்டோகிராம் 41 ஆம் நாள் −33, 42 ஆம் நாள் −51. முதல் வழியில் எந்த நாளிலும் வராத ஆழம் இரண்டாம் வழியில் இரண்டே நாளில் வந்துவிடுகிறது. அப்போது விலை 17,300. ஆகவே கட்டையின் நிறம் மாறியதா என்பதைவிட, எம்ஏசிடி ஒரு நாளில் எத்தனை ரூபாய் இறங்கியது, அந்த இறக்கம் நாளுக்கு நாள் பெருகுகிறதா தணிகிறதா என்று பார்ப்பதுதான் பயனுள்ள வாசிப்பு. நிஜச் சந்தையில் இவ்வளவு சுத்தமாக வராது, முன்னும் பின்னும் ஆடும். ஆனால் இரண்டின் சாயலும் வேறு வேறு என்பது பழகினால் கண்ணுக்குப் பிடிபடும்.

'அப்போ எம்ஏசிடி பூஜ்ஜியக் கோட்டுக்குக் கீழே போகும் வரை பொறுத்திருந்து விற்கலாமே' என்று தோன்றும். அதற்கும் விலை உண்டு. இரண்டாம் வழியில் எம்ஏசிடி பூஜ்ஜியத்துக்குக் கீழே போவது வீழ்ச்சியின் 13 ஆம் நாள். அப்போது விலை 16,200, உச்சியிலிருந்து 1,300 ரூபாய் போய்விட்டது. 30 குவிண்டாலுக்கு 39,000 ரூபாய். ஹிஸ்டோகிராம் உச்சி மிக சீக்கிரம் சொல்லி 15,500 இல் இறக்கிவிடுகிறது. பூஜ்ஜியக் கோடு தாமதமாகச் சொல்கிறது, ஆனால் சொன்ன விலை அதைவிட 700 ரூபாய் அதிகம். நீண்ட ஏற்றத்தில் தாமதமானதுதான் ஜெயிக்கும். பத்துப் பதினைந்து நாளில் முடிந்துபோகும் குட்டி ஏற்றத்தில் நேர் எதிராக, தாமதமானவர் வாங்கிய விலைக்கே வந்து நிற்பார். இரண்டில் எது வரப்போகிறது என்பதை எம்ஏசிடி சொல்லாது. அதில் அந்தத் தகவல் இல்லை, அது முழுக்க முழுக்கப் பழைய விலைகளால் ஆனது.

இன்னொன்று, கட்டை சுருங்கியது என்று எந்த அளவில் சொல்கிறோம் என்பது. இன்றைய முடிவு விலை ஒரு ரூபாய் கூடினால் எம்ஏசிடி சுமார் 8 பைசா கூடும், ஹிஸ்டோகிராம் அதில் ஐந்தில் நான்கு பங்காக 6.4 பைசா கூடும். இப்போது 14, 15 ஆம் நாள் கட்டைகளைப் பாருங்கள்: 97.45, 96.65. வித்தியாசம் 80 பைசா. 15 ஆம் நாள் விலை 15,500 க்குப் பதில் 15,513 இல் முடிந்திருந்தால் கட்டை சுருங்கியே இருக்காது. குவிண்டாலுக்கு 13 ரூபாய் என்பது மஞ்சளில் ஒரு பொருட்டா? அந்தப் பதின்மூன்று ரூபாயை நம்பித்தான் 'உச்சி போட்டுவிட்டது' என்று முடிவெடுக்கிறோம். வர்த்தகம் நடந்துகொண்டிருக்கும்போது பார்த்தால் இன்னும் மோசம். காலை 11 மணிக்குச் சுருங்கியதைக் காட்டும் வெளிர் பச்சை, 3 மணிக்கு வளர்ந்ததைக் காட்டும் அடர் பச்சை என்று அதே கட்டை நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அன்றைய வர்த்தகம் முடியும் வரை அந்தக் கட்டைக்கு மதிப்பே கொடுக்க வேண்டாம்.

இதே 6.4 பைசாவை வைத்து ஒரு சல்லடையும் செய்துகொள்ளலாம். உங்கள் சார்ட்டில் விலை ஒரு சாதாரண நாளில் 200 ரூபாய் ஆடுகிறது என்றால், ஒரே நாளின் ஆட்டம் ஹிஸ்டோகிராமை 13 ரூபாய் நகர்த்தும். அப்படியானால் +13 க்கும் −13 க்கும் நடுவில் நடக்கும் வெட்டுகள் எல்லாம் ஒரு நாள் ஆட்டத்தில் தலைகீழாகக்கூடியவை. விலை பக்கவாட்டில் கிடக்கும் மாதங்களில் வாரத்துக்கு ஒரு வெட்டு வந்து ஆளை அலைக்கழிப்பது இந்த எல்லைக்குள்தான். இது எங்கும் எழுதிவைத்த விதி இல்லை, என் அளவுகோல். ஆனால் கணக்கிலிருந்து வந்தது என்பதால் நம்பிப் பயன்படுத்தலாம்.

மஞ்சள் ஃபியூச்சர் பார்ப்பவர்கள் பங்கு பார்ப்பவர்களைவிடக் கூடுதலாக ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும், ஒப்பந்தம் மாறும் நாள். 'தொடர் சார்ட்' என்று ஆப்பில் காட்டுவது, முடியும் ஒப்பந்தத்தின் விலைக்குப் பின்னால் அடுத்த ஒப்பந்தத்தின் விலையை ஒட்டவைத்தது. அடுத்த ஒப்பந்தம் 600 ரூபாய் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தால், ஒட்டிய இடத்தில் சார்ட் ஒரே நாளில் 600 ரூபாய் குதிக்கும். சந்தையில் யாரும் ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. ஆனால் எம்ஏசிடிக்கு அது தெரியாது. அன்று 48 ரூபாய் ஏறும், அதற்கப்புறம் விலை அசையாமல் நின்றாலும் எம்ஏசிடி தானாகவே ஏறிக்கொண்டு போய் 9 ஆம் நாள் 167 ஐத் தொடும், பிறகு இறங்கும். ஹிஸ்டோகிராம் நான்காம் நாள் உச்சி போட்டு, 15 ஆம் நாள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். அதாவது முதல் நாள் ஒரு 'வாங்கு', 15 ஆம் நாள் ஒரு 'விற்பனை', இரண்டுமே பேய்.

கண்டுபிடிப்பது சுலபம். வெட்டு வந்ததும் இரண்டு மூன்று வாரம் பின்னால் போய், ஒப்பந்தம் மாறிய நாளோ, ஒரே நாளில் பெரிய குதிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெட்டு அதன் எதிரொலியாக இருக்க நிறைய வாய்ப்பு. ஒரு செய்தியால் நிஜமாகவே விலை ஒரே நாளில் குதித்தாலும் இந்த எதிரொலி வரும். தப்பிக்க வழி, ஒட்டிய இடைவெளியைச் சரிசெய்து தரும் சார்ட்டைப் பயன்படுத்துவது. அது இல்லையென்றால், அப்போது ஓடும் ஒப்பந்தத்தின் தனிச் சார்ட்டையே பார்ப்பது. தனிச் சார்ட்டில் நாட்கள் போதாமல் இருக்கும் என்ற குறை உண்டு, அதை அடுத்துச் சொல்கிறேன்.

எம்ஏசிடி தொடங்கவே 26 நாள் விலை வேண்டும், சிக்னலுக்கு மேலும் 8 நாள், ஆக 34 ஆவது நாளில்தான் முதல் கட்டை வரும். அதற்கும் மேலே, முதல் சராசரியாக எதை எடுத்தோமோ அதன் சாயல் 26 நாள் இஎம்ஏவில் ஒட்டிக்கொண்டே வரும். அது நூற்றில் ஒரு பங்காகக் குறைய ஏறக்குறைய 60 நாள் ஆகும். ஒரே நாளில் இரண்டு ஆப்பில் இரண்டு விதமான எண் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ஒன்று 5 வருட விலையிலிருந்து கணக்கிடுகிறது, மற்றொன்று 3 மாதத்திலிருந்து. நூறு நாள் விலைக்குக் குறைவாக உள்ள சார்ட்டில் ஐந்து பத்து ரூபாய் வித்தியாசத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

ஷீட்டில் நீங்களே போட்டுப் பார்க்க விரும்பினால், B பத்தியில் 2 ஆம் வரிசையிலிருந்து முடிவு விலைகளை, பழையது மேலே இருக்கும்படி, இறக்கிவிட்டு இதை எழுதுங்கள்:

```
C13  =AVERAGE(B2:B13)
C14  =C13+(B14-C13)*2/13
D27  =AVERAGE(B2:B27)
D28  =D27+(B28-D27)*2/27
E27  =C27-D27
F35  =AVERAGE(E27:E35)
F36  =F35+(E36-F35)*2/10
G35  =E35-F35
```

C14, D28, E27, F36, G35 ஆகியவற்றைக் கீழே இழுத்துவிட்டால் போதும். H பத்தியில் E பத்தியை 7 ஆல் வகுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், சார்ட்டைவிட அந்தப் பத்தி அதிகம் பேசும். பெருந்துறை விற்பனைக்கூட ஏல விலையையே இதில் போடலாம், ஆனால் தினமும் ஒரே ரகத்தின் விலையாக இருக்க வேண்டும். விரலியையும் கிழங்கையும் மாற்றி மாற்றிப் போட்டால், ஒப்பந்தம் மாறும்போது வரும் அதே பேய்க் குதிப்பு தினமும் வரும்.

உங்கள் ஆப் எது என்று சொல்லவில்லை. டிரேடிங்வியூ வகைச் சார்ட்டில் ஹிஸ்டோகிராம் நான்கு நிறத்தில் வரும்: பூஜ்ஜியத்துக்கு மேலே வளர்ந்தால் அடர் பச்சை, மேலே இருந்தபடி சுருங்கினால் வெளிர் பச்சை, கீழே ஆழமானால் அடர் சிவப்பு, கீழே இருந்தபடி சுருங்கினால் வெளிர் சிவப்பு. நீங்கள் விற்றது வெளிர் பச்சையின் முதல் கட்டையில். மெட்டாடிரேடரில் இன்னொரு குழப்பம் உண்டு, அங்கே கட்டைகளாக வரைவது எம்ஏசிடியையே, ஹிஸ்டோகிராமை அல்ல, சிக்னலும் சாதாரண சராசரி. அங்கே கட்டை பூஜ்ஜியத்தைத் தாண்டுவதும் இங்கே கட்டை பூஜ்ஜியத்தைத் தாண்டுவதும் ஒன்றல்ல. யூடியூபில் ஒருவர் மெட்டாடிரேடர் திரையைக் காட்டிச் சொன்னதை வேறு ஆப்பில் பின்பற்றிக் கெட்டவர்கள் நிறையப் பேர்.

மீதி 15 குவிண்டாலுக்கு வருவோம். கட்டை இன்னும் பூஜ்ஜியத்துக்கு மேலே சுருங்கிக்கொண்டிருக்கிறது, விலை ஏறுகிறது என்கிறீர்கள். எம்ஏசிடி கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் நீங்கள் இருப்பது என் அட்டவணையில் 20 க்கும் 30 க்கும் இடைப்பட்ட இடம், அதில் விற்கச் சொல்லும் சேதி எதுவும் இல்லை. சிக்னலைக் கீழ்நோக்கி வெட்டி, கட்டை மேலே சொன்ன சல்லடை எல்லையையும் தாண்டி கீழே போனால் ஒரு 5 குவிண்டால். எம்ஏசிடியின் தினசரி இறக்கம் நாளுக்கு நாள் பெருகினால் இன்னொரு 5. கடைசி 5 ஐ பூஜ்ஜியக் கோடு வரை விட்டுப்பிடிக்கலாம். இருப்பு வைத்திருப்பவருக்கு எல்லாவற்றையும் ஒரே வெட்டில் விற்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஃபியூச்சரில் மார்ஜின் கட்டி உட்கார்ந்திருப்பவருக்கு இல்லாத வசதி இது.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். என்சிடிஇஎக்ஸ் எக்ஸ்சேஞ்சில் நடக்கும் மஞ்சள் ஃபியூச்சர் ஒப்பந்தம் நிஜாமாபாத் பாலிஷ் மஞ்சளுக்கானது. பெருந்துறை ஏலத்தில் உங்கள் விரலிக்குக் கிடைக்கும் விலை அதோடு சேர்ந்து நகர்ந்தாலும், இரண்டுக்கும் உள்ள இடைவெளி வரத்தையும் ஈரப்பதத்தையும் பொறுத்து வாரத்துக்கு வாரம் மாறும். ஃபியூச்சர் சார்ட்டில் வெட்டு வந்த அன்று, அந்த வாரம் கூடத்தில் போன விரலி விலையைக் கேட்டு அதே ஷீட்டில் பக்கத்துப் பத்தியில் எழுதிப் பாருங்கள். இங்கே வேகம் குறையாமல் அங்கே மட்டும் குறைந்திருந்தால், மூட்டையை வண்டியில் ஏற்ற இன்னும் ஒரு ஏலம் பொறுக்கலாம்.